கோத்தகிரியிலிருந்து நான்கு வருட ஸ்டாப் லாஸ் அனுபவம்

கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. காலையில் இலை எடுக்கும் வேலை இருப்பதால் சந்தை நேரம் முழுக்கத் திரையைப் பார்க்க முடியாது. ஐப்பசி மழையில் மரம் சாய்ந்தால் கரண்டும் போய்விடும், டவரும் போய்விடும். அதனால் நான் செய்வது சில நாள், சில வாரம் வைத்திருக்கும் ஸ்விங் டிரேட் மட்டும். ஸ்டாப்பை, அதாவது விலை இந்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்பதை, பல நாள் காத்திருக்கும் ஜிடிடி ஆர்டராகப் போட்டுவிடுவேன். சாதாரண ஸ்டாப் ஆர்டர் அன்றைய சந்தை முடிந்ததும் காலாவதியாகிவிடும், தினமும் போட வேண்டும்.

முதல் வருடம் எந்தப் பங்காக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 3 சதவீதம். கணக்கு சுலபம் என்பதைத் தவிர அதில் நல்லது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. 500 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறேன். 3 சதவீதம் என்றால் ஸ்டாப் 485. அந்தப் பங்கின் 14 நாள் ஏடிஆர் 14 ரூபாய், அதாவது சராசரியாக ஒரு நாளில் அது ஆடும் தூரமே 14. என் ஸ்டாப் இருந்தது 15 ரூபாய் தள்ளி. கொஞ்சம் இறங்குமுகமான ஒரு நாள் போதும், வெளியே தள்ளிவிடும், மறுநாள் பங்கு மேலே போகும். ஒரு நாளைக்கு ஒரு சதவீதமே ஆடும் பங்கில் அதே 3 சதவீதம் தாராளம். என் பாக்கெட்டுக்கு வசதியான எண்ணைப் பங்கின் மேல் திணித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஏடிஆருக்கு மாறினேன். வாங்கிய விலையிலிருந்து இரண்டு ஏடிஆர் கீழே, அதாவது 472. தேவையில்லாமல் வெளியேறுவது நன்றாகக் குறைந்தது. ஆனால் இது கடந்த நாட்களின் சராசரி என்பதை நான் மறந்துவிட்டேன். திடீரென்று ஒரே நாளில் 40 ரூபாய் ஆடினாலும் ஏடிஆர் 14-லிருந்து சுமார் 15.9-க்குத்தான் போகும், ஏனென்றால் 14 பாகத்தில் பழைய மதிப்புக்கு 13 பாகம் எடை, புது நாளுக்கு ஒரே பாகம். அதிர்ச்சி வந்த பிறகு மெதுவாக விழித்துக்கொள்ளும். இன்னொரு வில்லங்கம்: தினமும் புது ஏடிஆரை வைத்து ஸ்டாப்பைக் கணக்கிட்டால், பங்கு இறங்கி ஆட்டம் கூடும்போது ஸ்டாப்பும் கீழே நகர்ந்துகொடுக்கும். வாங்கிய நாளின் ஏடிஆரையே வைத்து, ஸ்டாப்பை மேலே மட்டும் நகர்த்துவது என்று வைத்த பிறகுதான் சரியானது.

சார்ட்டில் விலையின் அமைப்பை வைத்துப் போடும் ஸ்டாப்தான் எனக்கு அர்த்தமுள்ளதாகத் தெரிகிறது. அந்தப் பங்கின் கடைசி ஸ்விங் லோ, அதாவது இறங்கித் திரும்பிய இடம், 478. அதை உடைத்தால் நான் வாங்கிய காரணமே போய்விட்டது. சிக்கல் என்னவென்றால், 478 எனக்கு மட்டுமல்ல, சார்ட்டைத் திறக்கும் எல்லோருக்கும் தெரியும். 477-ஐத் தொட்டுவிட்டு மேலே ஏறிய கேண்டில்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது லோவுக்குக் கீழே அரை ஏடிஆர், அதாவது 7 ரூபாய் விட்டு 471-ல் வைக்கிறேன். அதற்கு நான் கொடுக்கும் விலை, ஸ்டாப் 29 ரூபாய் தூரத்தில் இருப்பது. ஒரு டிரேடில் 3000 ரூபாய்தான் இழக்கலாம் என்பது என் கணக்கு, அப்படியென்றால் 103 பங்குதான் வாங்க முடியும். 3 சதவீத ஸ்டாப்பில் இதே 3000-க்கு 200 பங்கு கிடைக்கும். மச்சான் கேட்டான், "பாதிதானே வாங்குற, லாபமும் பாதிதானே?" நியாயமான கேள்விதான்.

பதில் சந்தையிடமிருந்தே வந்தது. மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது காலாண்டு ரிசல்ட் வந்து அந்தப் பங்கு 452-ல் திறந்தது. என் ஜிடிடி 471-ல் ட்ரிகர் ஆனது, ஆனால் லிமிட் விலை 470 என்று போட்டிருந்தேன். 452-ல் விற்கும் சந்தையில் 470 கேட்டால் யார் வாங்குவார்கள்? ஆர்டர் அப்படியே தொங்கியது. போனில் சிக்னல் கிடைத்த பிறகு 449-ல் விற்றேன். பங்குக்கு 51 ரூபாய், மொத்தம் 5253 ரூபாய் நஷ்டம். 3000 என்று நினைத்தது அவ்வளவானது. 200 பங்கு வைத்திருந்தால் அதுவே 10,200. ஸ்டாப் நெருக்கமாக இருப்பதால் பாதுகாப்பு என்று நினைத்தேனே, நெருக்கம் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது, இப்படி விலை ஒரேயடியாகக் கீழே திறக்கும் கேப் டவுனில் அந்த எண்ணிக்கைதான் அடிக்கிறது. இந்த மூன்று முறையில் எதுவும் கேப்பை நிறுத்தாது.

இப்போது ஜிடிடியில் லிமிட்டை ட்ரிகரை விட நன்றாகக் கீழே வைக்கிறேன். விற்பனை லிமிட் என்பது குறைந்தபட்ச விலைதான், சந்தை அதைவிட மேலே இருந்தால் சந்தை விலைக்கே விற்றுவிடும். ரிசல்ட் தேதி வரும் வாரத்தில் பாதிப் பங்கை முன்கூட்டியே விற்கிறேன். மச்சான் இன்னும் 3 சதவீதம்தான் போடுகிறான்.