ஒரு பள்ளி, இரண்டு ஆய்வு வடிவங்கள்: காலை உணவுத் திட்டத்தை நேர்வாய்வாக எடுக்கும்போது

தமிழ்நாட்டு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்க வகுப்புகள் அனைத்துக்கும் விரிந்தது. பருவத் திட்டப்பணிக்கு இதைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் பலர் ‘காலை உணவுத் திட்டம்: ஒரு நேர்வாய்வு’ என்று தலைப்பிடுகிறார்கள். நேர்வாய்வு என்பது எல்லை வகுத்துக்கொண்ட ஒரு நேர்வை, அதாவது ஓர் இடத்தையோ நிகழ்வையோ, ஆழமாக ஆராய்வது. அந்தத் தலைப்பில் எல்லையே இல்லை. மாநிலம் முழுவதையும் ஒரே நேர்வாகக் கொண்டால், நான்கு மாதத்தில் எந்தச் சான்றையும் நேரில் சரிபார்க்க முடியாது. ஆகவே 2023 ஆகஸ்டில் திட்டம் வந்துசேர்ந்த ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியை நேர்வாகவும், 2022 ஜூன் முதல் 2023 டிசம்பர் வரையை கால எல்லையாகவும் வைத்துக்கொள்வோம். அந்தப் பள்ளியை எந்த வடிவில் ஆராய்வது என்பதுதான் இனி முடிவு செய்ய வேண்டியது. நேர்வாய்வு முறையைப் பற்றி எழுதிய ராபர்ட் யின் செய்த பகுப்பின்படி, பள்ளியை ஒரே அலகாகப் பார்ப்பது முழுமை வடிவம். அதற்குள் துணை அலகுகளைப் பிரித்து ஆராய்வது துணை அலகு வடிவம்.

முழுமை வடிவத்தில், திட்டம் வந்தபின் பள்ளியின் காலைப்பொழுது எப்படி மாறியது என்பதே கேள்வி. ‘சமையல் பொறுப்பு மகளிர் சுயஉதவிக் குழுவிடம் இருப்பதால் ஆசிரியர்களின் பாடநேரம் குறையவில்லை’ என்பது இதற்கேற்ற முன்மொழிவு, அதாவது ஆய்வு சோதித்துப் பார்க்கப்போகும் கூற்று. தலைமையாசிரியர், சமைக்கும் பெண்கள், வகுப்பாசிரியர் ஆகியோரைத் தனித்தனியே பேட்டி எடுக்கலாம். சில காலைப்பொழுதுகளில் வாயில் திறப்பதிலிருந்து முதல் மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்து குறிப்பெடுக்கலாம். பொருள் இருப்புப் பதிவேட்டைப் பார்க்கலாம். பரிமாறுவதை ஆசிரியர் மேற்பார்வையிடுகிறாரா, அவர் வகுப்புக்குள் நுழையும் நேரம் தள்ளிப்போகிறதா என்பது கண்ணால் பார்க்கக்கூடியது என்பதால் இந்த முன்மொழிவு தோற்கவும் வாய்ப்புண்டு. தோற்க வாய்ப்பில்லாத முன்மொழிவை எழுதிவைப்பதில் பயனில்லை. இந்த வடிவத்தின் குறை, ‘பள்ளியில் நல்ல மாற்றம்’ என்ற பொதுப்பேச்சுக்குள் அது எளிதாக வழுக்கிவிடுவதாகும்.

துணை அலகு வடிவத்துக்கு நடுநிலைப் பள்ளி அரிய வாய்ப்பைத் தருகிறது. அங்கே 2023-இல் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குக் காலை உணவு உண்டு. 6 முதல் 8 வரை இல்லை. ஊர், தலைமையாசிரியர், மழைக்காலம், திருவிழா எல்லாம் இரு பிரிவுக்கும் பொது. ‘திட்டம் வந்தபின் தொடக்க வகுப்புகளில் வராத நாட்கள் குறைந்தன’ என்ற முன்மொழிவுக்கு எதிராக ‘புதிய தலைமையாசிரியரின் கண்டிப்பே காரணம்’ என்றொரு மாற்று விளக்கம் எழுந்தால், மேல்வகுப்புகளின் பதிவேடே அதற்குப் பதில் சொல்லும். கண்டிப்பு காரணமென்றால் அங்கும் குறைந்திருக்க வேண்டும். பருவ வேறுபாட்டை விலக்க, 2023 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான வருகையை 2022-இன் அதே மாதங்களோடு ஒப்பிட வேண்டும். ஜூன், ஜூலையோடு ஒப்பிடுவது தவறான வழி.

ஆனால் இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, வருகைப் பதிவேடு வந்தாரா, வரவில்லையா என்பதை மட்டுமே சொல்கிறது. எத்தனை மணிக்கு வந்தார் என்பதைச் சொல்வதில்லை. ‘குழந்தைகள் நேரத்தோடு வருகிறார்கள்’ என்று முன்மொழிந்துவிட்டுப் பதிவேட்டைச் சான்றாகக் காட்டினால், கேள்வியும் சான்றும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. வந்துசேரும் நேரத்தை இன்று நேரில் பார்க்கலாம். 2023-க்கு ஆசிரியரின் நினைவு மட்டுமே கிடைக்கும். இரண்டாவது, எண்ணிக்கையின் சிறுமை. 15 குழந்தைகள் உள்ள வகுப்பில் 20 வேலைநாட்கள் என்றால் மொத்தம் 300 வருகைகள். ஒரே குழந்தை காய்ச்சலால் 10 நாள் வராவிட்டால் அந்த மாதத்தின் வருகை 3.3 விழுக்காடு சரிந்துவிடும். ஆகவே விழுக்காட்டை மட்டும் எழுதாமல், நீண்ட விடுப்புகளைப் பெயர் குறிப்பிடாமல் தனியே பிரித்து, காரணத்தை வகுப்பாசிரியரிடம் கேட்டு எழுத வேண்டும்.

இரு பிரிவுகளும் முற்றிலும் தனித்தனியும் அல்ல. தம்பியையோ தங்கையையோ சாப்பாட்டுக்கு அழைத்து வரும் ஏழாம் வகுப்பு அக்காவும் தவறாமல் வரத் தொடங்கலாம். அப்படி நடந்தால் திட்டத்தின் விளைவே மேல்வகுப்பிலும் தெரிந்து, மாற்று விளக்கத்துக்கு வலு சேர்ப்பதுபோல் தோன்றும். மேல்வகுப்பினரில் தொடக்க வகுப்பில் உடன்பிறப்பு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தெளியும்.

பழைய பதிவேடுகளைப் பார்க்க எழுத்துமூல அனுமதி கிடைக்குமென்றால் நான் துணை அலகு வடிவத்தையே பரிந்துரைப்பேன், ஏனெனில் மாற்று விளக்கங்களைச் சோதிக்கும் வாய்ப்பு அதில்தான் பள்ளிக்குள்ளேயே அமைகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வகுப்புவாரி அட்டவணைகளோடு ஆய்வு நின்றுவிட்டால் நேர்வாகிய பள்ளி காணாமல் போய்விடும். கடைசி இயலில் அந்த வேறுபாடுகள் பள்ளியின் நடைமுறையைப் பற்றி என்ன சொல்கின்றன என்ற கேள்விக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால், அல்லது பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடியும் தொடக்கப் பள்ளியாக இருந்தால், வருகையைப் பற்றிய முன்மொழிவை விட்டுவிட்டு, பாடநேரத்தைப் பற்றிய முன்மொழிவோடு முழுமை வடிவத்தை எடுப்பதே சரி.