லேமினேட் தரையும் ஒரு வாளித் தண்ணீரும்

சென்னையில் பெற்றோரின் அடுக்ககத்தைச் சுத்தம் செய்ய ஒரு நிறுவனத்தின் ஆட்களை வரவழைத்தோம். சமையலறையையும் குளியலறையையும் பளிச்சென்று ஆக்கியவர்கள், படுக்கையறையின் லேமினேட் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்து, பினாயிலைத் தாராளமாக ஊற்றித் துடைப்பத்தால் தள்ளத் தொடங்கினார்கள். தடுத்தபோது, "கழுவினாத்தானே சார் சுத்தம்?" என்றார் மேற்பார்வையாளர். ஊரின் சிவப்புச் சிமெண்டுத் தரையை வெள்ளிதோறும் கழுவிவிட்ட பழக்கத்தில் அது சரிதான். டொரான்டோவில் எங்கள் அறைகளின் தரைக்கு வடிகாலே கிடையாது என்பதால், அங்கே யாருக்கும் அந்த எண்ணமே வராது.

மறுநாள் காலை, பலகைகள் சேரும் விளிம்புகள் காலில் இடறின. லேமினேட்டின் மேற்பரப்பு தண்ணீரைத் தாங்கும். ஆனால் உள்ளிருப்பது அழுத்திச் செய்த மரநார்ப் பலகை என்பதால், இணைப்பு வழியே இறங்கும் நீரைக் குடித்து அது ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பலகையைத்தான் மாற்ற வேண்டும், அதற்கு அருகிலுள்ள சுவரிலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். நல்லவேளை, பரணில் மிச்சப் பலகைகள் இருந்தன. வினைல் பலகை இப்படி ஊதாது என்றாலும், இடுக்கில் இறங்கிய நீர் அடியில் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். பூச்சிட்ட மரத்தரையிலோ பலகையின் ஓரங்கள் நிமிர்ந்து நடுப்பகுதி குழிந்துவிடும்.

இன்னொரு தொல்லை, அறை முழுவதும் படர்ந்த மங்கல். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரிடத்தை அழுத்தித் துடைத்தேன். துணியில் சாம்பல் நிறம் ஏறியது, அந்த இடம் மட்டும் பளபளத்தது. ஆகவே அது பினாயிலும் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்து படிந்த படலம். துடைத்தும் மங்கல் போகாதிருந்தால் மேற்பூச்சே தேய்ந்திருக்கிறது என்று பொருள், அதற்குத் துணியால் மருந்தில்லை.

படலத்தை எடுக்க, முதலில் தூசியை உலர்ந்த மைக்ரோஃபைபர் துடைப்பானால் எடுத்தோம். மணல் இருந்தால் துடைக்கும்போது கீறும். பிறகு, அமிலமோ காரமோ இல்லாத தரைத் திரவத்தைப் புட்டியில் குறித்த அளவிலேயே கேன் தண்ணீரில் கலந்து, தரையில் தெளிக்காமல் துணியில் தெளித்து, கட்டில் அளவுப் பகுதியாகத் துடைத்தோம். அடுத்து, வெறும் கேன் தண்ணீரில் நனைத்து, சொட்டாதபடி முறுக்கிப் பிழிந்த துணியால் ஒருமுறை. ஈரம் ஓரிரு நிமிடங்களில் தானாக உலர வேண்டும். அதற்கு மேல் நின்றால் துணியில் நீர் அதிகம். துணி அழுக்கானதும் மாற்றாவிட்டால் எடுத்த படலமே திரும்பப் பூசப்படும். பளபளப்புக்கென்று மெழுகு பூசினால் அதுவே அடுத்த படலமாகிவிடும். நீராவித் துடைப்பான், இணைப்புக்குள் ஈரத்தை இன்னும் எளிதாகச் செலுத்தும்.

புகார் செய்ததும், ஈடாக வீட்டை மறுபடியும் இலவசமாகக் கழுவித் தருவதாக நிறுவனம் சொன்னது. படுக்கையறையைப் பூட்டிச் சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு, குளியலறைக்கு மட்டும் ஒப்புக்கொண்டோம்.