செயலிக்குள் திறக்கும் பக்கமா, வெளி உலாவியா? கோப்பு எதில் கைக்கு வருகிறது?

எங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு கைபேசிகளில், சமூக ஊடகச் செயலிகளில் வரும் இணைப்புகள் வெளி உலாவியிலேயே திறக்கும்படி மாற்றி வைத்திருக்கிறேன். வாசிப்பதற்கு மட்டும் என்றால் இந்த மாற்றம் தேவையே இல்லை. செயலிக்குள் திறக்கும் பக்கம் விரைவானது, வாசித்து முடித்ததும் விட்ட இடத்துக்கே திரும்பலாம். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போக வேண்டியவர்களுக்கு வெளி உலாவிதான் நம்பகமானது என்பது என் முடிவு.

ஆண்ட்ராய்டில் ஓர் இணைப்பு மூன்று விதமாகத் திறக்கக்கூடும். முதலாவது வெப்வியூ, அதாவது செயலி தன் உள்ளேயே வைத்திருக்கும் வெறும் காட்சிச் சட்டகம். இரண்டாவது, 2015 முதல் குரோமில் உள்ள கஸ்டம் டாப். பார்வைக்குச் செயலிக்குள் இருப்பது போலத் தோன்றினாலும் உள்ளே இயங்குவது உண்மையான உலாவி. மூன்றாவது தனியாகத் திறக்கும் முழு உலாவி. மேல் மூலையிலுள்ள மெனுவில் தரவிறக்கக் குறியும், குரோமில் திறப்பதற்கான தெரிவும் சேர்ந்து இருந்தால் அது கஸ்டம் டாப். செயலி தானே அமைத்த மெனு மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் வெப்வியூ.

இணைப்புகளைப் பொறுத்தவரை அதிகம் சொல்வதற்கில்லை. சாதாரண இணையப் பக்கங்கள் எதிலும் திறக்கும். தொலைபேசி எண்ணை அழைக்கும் இணைப்பையோ வேறொரு செயலியைத் திறக்கும் இணைப்பையோ வெப்வியூ தானாகக் கையாளாது. செயலியை எழுதியவர் அதற்கு வழி செய்யாவிட்டால் `net::ERR_UNKNOWN_URL_SCHEME` என்ற வரி தோன்றும். கூகுள் கணக்கால் உள்நுழையும் இடத்தில் `disallowed_useragent` என்று வந்தால், வெப்வியூவுக்குள் உள்நுழைய கூகுள் அனுமதிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு செய்திகளுக்கும் மருந்து ஒன்றே: அந்தச் செய்தி வருவதற்கு முன் இருந்த பக்கத்தை வெளி உலாவியில் திறப்பது.

தரவிறக்கம்தான் தீர்மானிக்கும் விடயம். வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பு, டியூட்களை உள்நுழைவு உள்ள தளத்தில் ஏற்றி, இணைப்பை மாணவர்களின் குழுவில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவி இணைப்பைத் தட்டுகிறாள், வெப்வியூவுக்குள்ளேயே கடவுச்சொல் கொடுத்து உள்நுழைகிறாள், தரவிறக்கப் பொத்தானை அழுத்துகிறாள். செயலி தரவிறக்கத்துக்கு ஏற்பாடே செய்யாதிருந்தால் எதுவும் நடக்காது. பிழைச் செய்திகூட வராது. ஏற்பாடு இருந்தால், செயலி அந்த முகவரியைக் கைபேசியின் தரவிறக்கச் சேவையிடம் ஒப்படைக்கும். ஆனால் அவள் உள்நுழைந்திருப்பதற்குச் சான்றான குக்கி வெப்வியூவில் இருக்கிறது. செயலி அதையும் சேர்த்துக் கொடுக்கத் தவறினால், தளம் அந்தச் சேவையை அந்நியராகக் கருதி உள்நுழைவுப் பக்கத்தையே அனுப்பிவிடும். அதுவும் `.pdf` என்ற பெயரிலேயே சேமிக்கப்படும். அறிவிப்பில் தரவிறக்கம் முடிந்தது என்று இருக்கும், கோப்போ திறக்காது. பல பக்கங்கள் கொண்ட டியூட் சில கிலோபைட் அளவிலேயே இருந்தால் சந்தேகிக்கலாம். பெயரின் முடிவை `.html` என்று மாற்றி உலாவியில் திறந்தால் உள்நுழைவுப் பக்கம் தெரியும். பிள்ளையின் கைபேசியில் இடமில்லை, தளம் பழுது என்று பெற்றோர் அலைவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது, ஏனென்றால் இரண்டுமே காரணமல்ல.

கட்டணப் பற்றுச்சீட்டு போன்றவற்றைச் சில தளங்கள் பக்கத்துக்குள்ளேயே உருவாக்குகின்றன. அவற்றின் முகவரி `blob:` என்று தொடங்கும். அது அந்தப் பக்கம் உயிரோடு இருக்கும்வரை அதற்குள் மட்டுமே செல்லுபடியாகும், வெளிச் சேவையால் எடுக்க முடியாது. கஸ்டம் டாபிலும் முழு உலாவியிலும் இந்தச் சிக்கல்கள் இரண்டும் எழுவதில்லை, ஏனெனில் உள்நுழைந்ததும் பக்கத்தை வைத்திருப்பதும் கோப்பை இறக்குவதும் ஒரே உலாவி.

வெளி உலாவிக்கு மாறுவதிலும் ஒரு செலவு உண்டு. மெனுவிலிருந்து மாறும்போது முகவரி மட்டுமே போகும். வெப்வியூவில் செய்த உள்நுழைவும் பாதி நிரப்பிய படிவமும் கூடவே போகா. ஆகவே பொத்தான் வேலை செய்யாத பிறகு மாறுவதைவிட, கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்தவுடனேயே மாறிக்கொள்வது நல்லது. செயலியின் அமைப்புகளில் இணைப்புகளை வெளியே திறக்கும் தெரிவு இருந்தால், அதை ஒருமுறை இயக்கிவிட்டாலே போதும்.

ஐபோனில் என் பழக்கம் குறைவு என்பதால் அங்கே இதே உறுதியோடு பேச மாட்டேன். அங்குள்ள வெப்வியூ பிடிஎஃப் கோப்பைப் பக்கத்திலேயே காட்டும் என்பதால், பகிர்வுப் பொத்தான் இருந்தால் அங்கிருந்தே சேமிக்க வாய்ப்புண்டு. ஆனால் கஸ்டம் டாபுக்கு நிகரான சஃபாரிக் காட்சி, ஐஓஎஸ் 11 முதல் சஃபாரியின் குக்கிகளைப் பகிர்வதில்லை. சஃபாரியில் ஏற்கெனவே உள்நுழைந்திருந்தாலும் அங்கே மறுபடியும் கடவுச்சொல் கேட்கும்.