விரிசல் விட்ட ப்ளோயர் ஷாஃப்ட்: உயர்ரக எஃகா, மூலை ரேடியஸா, பெல்ட் இழுவையா?

ஷாஃப்டில் விரிசல் என்றதும் பெரும்பாலான அறிக்கைகள் ஒரே வரியில் முடிந்துவிடும்: "இஎன்8 எஃகுக்குப் பதில் இஎன்24 போடவும்." படிக்கத் தெளிவாக இருக்கும், ஸ்டோர்ஸில் வாங்கவும் சுலபம். ஆனால் போட்டியில் இருக்கும் மற்ற திருத்தங்களோடு நிறுத்தி எண் போட்டுப் பார்த்தால்தான் அந்த வரியின் மதிப்பு தெரியும். அதற்காக, ஆலைகளில் அடிக்கடி பார்க்கக்கூடிய அமைப்பில் ஒரு மாதிரிக் கேஸை எடுத்துக்கொள்வோம்.

22 கிலோவாட் மோட்டார், 1470 சுற்று. வி-பெல்ட் வழியாக ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் ப்ளோயர் ஷாஃப்டைச் சுழற்றுகிறது. இருபுறமும் 250 மி.மீ. புல்லி. ப்ளோயர் பக்கத்தில் புல்லி, பேரிங்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் உட்கார்ந்திருக்கிறது. பேரிங் 6310, அதாவது இருக்கை 50 மி.மீ.; அதைத் தாண்டியதும் ஷாஃப்ட் 45 மி.மீ. ஆகக் குறைகிறது. அந்த ஸ்டெப்பிலிருந்து பெல்ட்டின் நடுக்கோடு 130 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஷாஃப்ட் இஎன்8, நார்மலைஸ் செய்தது. மூன்று வருடம் தொல்லையில்லாமல் ஓடியது. பெல்ட் செட்டை மாற்றி ஒன்பது வாரம் கழித்து, சத்தம் போட்ட பேரிங்கைக் கழற்றியபோது, 50–45 ஸ்டெப்பின் மூலையில் டை பெனட்ரன்ட் சோதனையில் சிவப்புக் கோடு தெரிந்தது.

விரிசல் சொல்லும் சாட்சி

ஷாஃப்ட் முழுதாக ஒடியாமல் கையில் கிடைத்தது அதிர்ஷ்டம். ஒடிந்திருந்தால் முனைகள் உரசி முகம் தேய்ந்து பாதித் தகவல் போயிருக்கும். விரிசலைத் திறக்க, அது ஆழமாகப் போயிருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ரம்பத்தால் அறுத்துக்கொண்டே வந்து, விரிசல் முகத்தைத் தொடாமல் நிறுத்தி, மிச்சத்தை உடைக்க வேண்டும். கம்பி பிரஷ் படக் கூடாது. உடைந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் கூடாது. நுண்ணிய தடயங்கள் நசுங்கிவிடும்.

திறந்த முகத்தில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. விரிசல் ஷாஃப்ட்டின் அச்சுக்குச் செங்குத்தாக ஓடியிருந்தது. சுற்றளவு முழுக்க ரம்பப் பல் போலச் சிறு சிறு படிகள். ஒவ்வொரு படியும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாகத் தொடங்கிய இரண்டு விரிசல்கள் சேர்ந்த இடம். உள்ளே வளைவான வரிகள், மெஷின் நிறுத்தி எடுத்த ஒவ்வொரு கட்டத்தின் தடம். ஒரு பக்கம் 11 மி.மீ. ஆழம், எதிர்ப்பக்கம் 5 மி.மீ.

சுழலும் வளைவினால் வரும் உலோகச் சோர்வின் அடையாளம் இது. ஷாஃப்ட் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முறை இழுபடும், ஒரு முறை அழுத்தப்படும். அதனால்தான் விரிசல் ஒரே பக்கத்தில் பிறக்காமல் சுற்றிலும் பிறந்திருக்கிறது. இத்தனை இடங்களில் ஒன்றாகத் தொடங்கியிருப்பது, அந்த மூலை தகைவைக் கடுமையாகக் குவிக்கிறது என்பதற்குச் சாட்சி.

மற்ற சந்தேகங்களை வேகமாக முடித்துவிடலாம். மாறி மாறி முறுக்கியதால் வந்த சோர்வு என்றால் விரிசல் பெரும்பாலும் 45 டிகிரியில் சாய்ந்து ஓடியிருக்கும். ஒரே அடியில் வந்த மிகைப்பளு என்றால் வளைவு வரிகளுக்கு இடமில்லை. அரிப்பு என்றால் தொடங்கிய இடத்தில் குழிகள் இருக்க வேண்டும், இல்லை. சாவிக்காடி ஸ்டெப்புக்கு முன்பே நின்றுவிடுகிறது, அதன் மூலைகளில் கோடே இல்லை. முறுக்கு விசையும் சொற்பம்: 22 கிலோவாட்டுக்கு 143 நியூட்டன் மீட்டர், 45 மி.மீ. ஷாஃப்டில் அது சுமார் 8 மெகாபாஸ்கல்தான்.

எஃகு மட்டமானதா என்ற கேள்விக்கு கடினத்தன்மைச் சோதனை பதில் சொல்கிறது: 175 பிரினெல். அதாவது இழுவலிமை சுமார் 600 மெகாபாஸ்கல். நார்மலைஸ் செய்த இஎன்8 இப்படித்தான் இருக்கும். பொருளில் குற்றமில்லை.

குற்றம் இரண்டு இடத்தில் இருந்தது. மூலையில் சிலிக்கான் அச்சு எடுத்து புரொஃபைல் புரொஜெக்டரில் பார்த்தபோது ரேடியஸ் 0.4 மி.மீ.; வரைபடம் கேட்டது 2 மி.மீ. 0.4 என்பது லேத்தில் போடும் இன்சர்ட் முனையின் அளவு. டர்னர் நேராக ஷோல்டர் வரை வெட்டிவிட்டு டூலை வெளியே எடுத்துவிட்டார். இன்சர்ட்டின் ரேடியஸே ஷாஃப்ட்டின் ரேடியஸ் ஆகிவிட்டது. இரண்டாவது, பெல்ட்டின் நடுவில் அழுத்திப் பார்த்தால், ஒரு மீட்டர் இடைவெளிக்கு 16 மி.மீ. என்ற வழக்கமான தொய்வு வருவதற்கு அட்டவணை சொல்லும் விசையைப் போல ஏறக்குறைய இருமடங்கு தேவைப்பட்டது.

அந்தக் கூர்மையான மூலை மூன்று வருடமும் அங்கேதான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால் ரேடியஸை மட்டும் குற்றவாளியாக எழுதினால் அறிக்கை பாதி உண்மைதான். மூலை பலவீனமாக இருந்தது. புது பெல்ட்டின் இழுவை அந்தப் பலவீனத்தை எல்லைக்கு அப்பால் தள்ளியது.

எண்ணில் பார்த்தால்

சரியான இழுவையில் புல்லி மீது சுமார் 3 கிலோ நியூட்டன் பக்கவிசை வரும், இப்போது 6. ஸ்டெப்பில் வளைவுத் திருப்புமை 6000 × 0.13 = 780 நியூட்டன் மீட்டர். பெயரளவுத் தகைவு:

```
σ = 32M / (πd³) = 87 MPa
```

ரேடியஸ் 0.4 என்றால், உலோகத்தின் நாட்ச் உணர்திறனையும் சேர்த்து, சோர்வுக்கான பெருக்கம் சுமார் 2.2. மூலையில் வருவது 193 மெகாபாஸ்கல். இந்த எஃகு, இந்த அளவு, கடைசல் மேற்பரப்பு, 99 சதவீத நம்பகம் எல்லாம் கழித்தால் தாங்கக்கூடியது 167. தாங்குவதை வருவதால் வகுத்தால் கிடைக்கும் பாதுகாப்பு எண் 0.87. பெல்ட் மாற்றும் முன் இதே கணக்கு 1.73. ஷாஃப்ட் ஏன் மூன்று வருடம் நின்றது, ஏன் ஒன்பது வாரத்தில் விழுந்தது என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. 1470 சுற்றில் பத்து லட்சம் சுழற்சி ஆக பதினோரு மணி நேரம் சொச்சம் போதும்.

இப்போது திருத்தங்களை ஒவ்வொன்றாகத் தனியே செய்தால்:

| திருத்தம் | இழுவை | பாதுகாப்பு எண் |
|---|---|---|
| எதுவும் செய்யாமல் | இருமடங்கு | 0.87 |
| இஎன்24, ரேடியஸ் 0.4 | இருமடங்கு | 1.07 |
| இஎன்8, ரேடியஸ் 2 | இருமடங்கு | 1.07 |
| ஷாஃப்ட் 50/55, ரேடியஸ் 0.4 | இருமடங்கு | 1.15 |
| புல்லியை 85 மி.மீ.க்கு உள்ளே தள்ளுதல் | இருமடங்கு | 1.33 |
| இழுவையைச் சரிசெய்தல் மட்டும் | சரி | 1.73 |
| ரேடியஸ் 2 + சரியான இழுவை | சரி | 2.1 |
| மேற்கண்ட இரண்டும் + புல்லி உள்ளே | சரி | 3.3 |

இஎன்24 இழுவலிமையில் இஎன்8-ஐ விட ஒன்றரை மடங்கு, சுமார் 900 மெகாபாஸ்கல். பிறகு ஏன் இவ்வளவு குறைந்த பலன்? வலிமை ஏற ஏற எஃகு மேற்பரப்புக் கீறலுக்கும் கூர்மையான மூலைக்கும் அதிகம் பயப்படும். சோர்வு வரம்பு 167-லிருந்து 225-க்குத்தான் போகிறது. மூலையின் பெருக்கமோ 2.2-லிருந்து 2.4 ஆகிறது. கடைசியில், சரியான டூலால் ஒரு மூலையை உருட்டி எடுத்தால் கிடைப்பது எதுவோ அதுதான், கூடுதல் விலைக்கும் வெப்பப் பதப்படுத்தலுக்கும் கிடைக்கிறது. இந்தக் கேஸில் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஷாஃப்டைப் பருமனாக்குவதும் வேலை செய்யும். ஆனால் பேரிங் 6311 ஆகும், ஹவுசிங் மாறும், புல்லி துளை பெரிதாகும். பழைய உதிரி எதுவும் பொருந்தாது.

வெல்டிங் போட்டுக் கடைவது பட்டியலிலேயே இல்லை. 0.4 சதவீதம் கார்பன் உள்ள எஃகில் வெல்ட் ஓரம் இறுகிப்போகும். அடுத்த விரிசலுக்கு அதுவே தொடக்கம்.

ரேடியஸ் 2 போடும்போது வரும் சிக்கல்

அறிக்கையில் "ரேடியஸ் 2 மி.மீ. ஆக்கவும்" என்று எழுதி விட்டுவிட்டால், அடுத்த ஷாஃப்டும் 0.4-ஆகத்தான் வரும். காரணம் இருக்கிறது. ஷோல்டர் உயரம் இரண்டரை மி.மீ. மட்டுமே. அதில் 2 மி.மீ. ரேடியஸ் எடுத்துக்கொண்டால் புல்லி முட்டி நிற்க அரை மி.மீ. சமதளம்தான் மிஞ்சும். புல்லி துளையின் வாயில் சாம்பர் 1 மி.மீ. இருந்தால் ஹப் ரேடியஸின் மேல் ஏறி நின்று ஆடும். ஃபிட்டர் அதைக் கண்டதும் ரேடியஸைக் குறைக்கச் சொல்வார். மூலை கூர்மையானதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும்.

அதனால் புல்லியை ஷோல்டரில் முட்டவே வைக்கக் கூடாது. 50.5 மி.மீ. உள்விட்டம், 62 மி.மீ. வெளிவிட்டத்தில் ஒரு ஸ்லீவ் கடைந்து, ஒரு முகம் பேரிங்கின் உள்வளையத்தில் முட்டுமாறும், மறு முகம் ஸ்டெப்பைத் தாண்டி வந்து ஹப்பைத் தாங்குமாறும் வைக்கலாம். ஹப் துளை வாயில் 3 மி.மீ. சாம்பர். இப்போது மூலை சுதந்திரமாக 2 மி.மீ. ரேடியஸோடு இருக்கும், யாருக்கும் அதைக் குறைக்க வேண்டிய அவசியம் வராது.

புல்லியை உள்ளே தள்ளுவது பேப்பரில் கவர்ச்சியானது. ஆனால் பெல்ட் கார்டும், மோட்டார் புல்லியும் அதே 45 மி.மீ. நகர வேண்டும். மோட்டார் அடித்தட்டில் இடம் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் ரேடியஸும் இழுவையும் சேர்ந்து தரும் 2.1 போதும்.

இழுவையைத் திருத்துவதுதான் செலவே இல்லாதது. ஆனால் அதுதான் மறுபடி மறுபடி தவறும். ஸ்லைடு ரெயில் போல்ட்டை ஸ்பேனரால் "கைக்குத் தெரியும்" என்று இறுக்குவதை நிறுத்தி, இடைவெளியை அளந்து, ஸ்பிரிங் டென்ஷன் கேஜால் அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு புல்லிக்கும் நடுவே 600 மி.மீ. என்றால் தொய்வு ஏறக்குறைய பத்து மி.மீ.; அதற்கான விசை பெல்ட் தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். புது பெல்ட் சில மணி நேரம் ஓடியதும் தளரும், அப்போது இன்னொரு முறை பார்க்க வேண்டும். தளரும் என்று தெரிந்தே முதலிலேயே இரட்டிப்பாக இழுத்து வைப்பதுதான் இங்கே நடந்த கோளாறு. பேரிங் சத்தம் போட்டதும் இதே காரணத்தால்: பால் பேரிங்கில் பளு இருமடங்கானால் கணக்கிட்ட ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

விரிசல் விட்ட ஷாஃப்டைக் கழித்துக்கட்டுங்கள். ஸ்டோர்ஸில் பயன்படுத்தாத உதிரி ஷாஃப்ட் அதே 0.4 மூலையோடு இருந்தால் அதைத் திருத்த வழி உண்டு. மூலையில் உலோகம் ஏற்கெனவே போய்விட்டதால் அதே இடத்தில் 2 மி.மீ. ரேடியஸ் வராது, ஷோல்டரை பேரிங் பக்கமாக 2 மி.மீ. நகர்த்தி வெட்டி, 45 மி.மீ. மேற்பரப்போடு சீராகக் கலக்க வேண்டும். பேரிங் இருக்கை அந்த அளவுக்குக் குறையும். 27 மி.மீ. அகல பேரிங் முழுதும் இருக்கையில் உட்காரும் இடம் மிச்சமிருக்கிறதா என்று அளந்துவிட்டுத்தான் டூலை வைக்க வேண்டும்.

இதே வரைபடத்தில் செய்து ஓடிக்கொண்டிருக்கும் மற்ற ப்ளோயர்களை அடுத்த நிறுத்தத்தில் புல்லி கழற்றி டை பெனட்ரன்ட் போட்டுப் பாருங்கள். கோடு தெரியாவிட்டாலும் அந்த ஷாஃப்டுகளில் மூலையை மறுபடி வெட்டிச் சமாளிக்காதீர்கள். இழுவை அதிகமாக இருந்த காலம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இழுவையை அன்றே சரிசெய்து, மாற்று ஷாஃப்டை ஆர்டர் செய்யுங்கள். வரைபடத்தில் மூலைக்கு "ரேடியஸ் 2" என்பதோடு நிறுத்தாமல், "குறைந்தபட்சம் 1.8, டூல் தடம் கூடாது, ரேடியஸ் கேஜால் சோதிக்கவும்" என்று சேர்த்தால், ஆய்வுக்கு நிற்பவர் ஷாஃப்டைத் திருப்பி அனுப்ப ஒரு பிடி கிடைக்கும்.