பின் பாக்கெட்டில் போன் வைத்தால் பாட்டு ஏன் அறுகிறது? இரண்டரை வருட இயர்பட்ஸ் அனுபவம்

வயர் இல்லாத இயர்பட்ஸ் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. முதல் நான்கு மாதம் அதில் ஏதோ கோளாறு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் போனைப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சமையலறை, மொட்டை மாடிப் படி என்று எங்கே சுற்றினாலும் பாட்டு சுத்தமாகக் கேட்கும். காலையில் கல்லூரி மைதானத்துக்கு நடக்கப் போனால் மட்டும் விட்டு விட்டு வரும். ஒரு வரி வரும், அடுத்த வரியில் பாதியைக் காணோம். சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். மேஜை மேல் போனை வைத்துப் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். மேஜை மேல் அது நன்றாகத்தான் வேலை செய்யும்.

விஷயம் பிடிபட்டது அப்பாவால். அதே மைதானத்தில் எனக்குப் பத்தடி முன்னால் அவரும் நடப்பார். என்னுடையதைவிட விலை குறைந்த இயர்பட்ஸ்தான். "உங்களுக்கு அறுந்து அறுந்து வரலையாப்பா?" என்று கேட்டேன். "இல்லையேப்பா, நல்லாத்தானே கேக்குது" என்றார். அவர் வேட்டி கட்டி நடப்பவர், போன் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். என்னுடையது ஜீன்ஸின் இடது பின் பாக்கெட்டில். அன்றே போனை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு இடத்தில்கூட அறவில்லை. திரும்பப் பின் பாக்கெட்டில் போட்டேன், இருபது அடி போவதற்குள் ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட இதே அலைவரிசைதான். நீரும் உப்பும் நிறைந்த சதை இந்த அலையை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். தசைக்குள் ஒவ்வொரு சென்டிமீட்டர் நுழையும்போதும் ஏறத்தாழ 40 சதவீத சக்திதான் மிஞ்சும். அந்த 40-இல் 40 சதவீதம், அதிலும் 40 சதவீதம் என்று தேய்ந்துகொண்டே போகும். இப்படி 20 சென்டிமீட்டர் தசையைக் கடந்தால் மறுபக்கம் வருவது சுமார் ஒன்பது கோடியில் ஒரு பங்கு. கொழுப்பு இவ்வளவு உறிஞ்சாது, அதனால் ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். ஆனாலும் இடுப்பையும் முதுகையும் ஊடுருவி அலை காதுக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பெட்டியில் 10 மீட்டர் தூரம் எடுக்கும் என்று போட்டிருப்பது இடையில் எதுவும் மறைக்காதபோதுதான். என் பாக்கெட்டுக்கும் காதுக்கும் ஒரு மீட்டர்கூட இல்லை, ஆனால் நடுவில் நான் இருக்கிறேன்.

அப்படியானால் வீட்டில் மட்டும் எப்படிக் கேட்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வீட்டில் அலை உடம்பைத் துளைத்து வருவதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிக் காதுக்கு வருகிறது. மைதானத்தில் திருப்பி அனுப்ப எதுவும் பக்கத்தில் இல்லை. உடம்பைச் சுற்றி வளைந்து வரும் கொஞ்சமும் தரையில் பட்டு வரும் கொஞ்சமும்தான் மிச்சம். இதை என் காதாலேயே சோதித்துப் பார்த்தேன். மைதானத்தின் ஒரு பக்கம் உயரமான காம்பவுண்டு சுவர், ஓடுபாதையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டி நடக்கும் நூறு மீட்டருக்குப் பாட்டு சீராக வரும். வளைவு திரும்பிச் சுவர் விலகியதும் மறுபடி அறுபடும். ஒரு வாரம் பார்த்தேன், தினமும் அதே வளைவில்தான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. உடம்பு மறைத்து அறுபடும்போது அது பெரும்பாலும் நடையோடு தாளம் போடும். கால் முன்னும் பின்னும் போகப் போக போனுக்கும் உடம்புக்கும் உள்ள கோணம் மாறும், அதற்கேற்ப ஒலி போய்ப் போய் வரும். நின்றால் முழுதாக வரலாம், அல்லது முழுதாகப் போய்விடலாம். இன்டர்நெட் மெதுவாக இருந்து பாட்டு நின்றால் அப்படி இருக்காது. சில விநாடி மொத்தமாக நிற்கும், போன் ஸ்பீக்கரில் போட்டாலும் நிற்கும். அதனால் சோதிக்கும்போது டவுன்லோட் செய்த பாட்டையே போட வேண்டும். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்தபோதும் அறுந்தால் குற்றம் உடம்பின் மேல் இல்லை. அதே அலைவரிசையில் ஓடும் பக்கத்து வைஃபையோ, கூட்டமான ரயில் நிலையமோ காரணமாக இருக்கலாம்.

எந்தப் பின் பாக்கெட் என்பதும் முக்கியம். என் இயர்பட்ஸில் வலது காதுக்கானதுதான் போனிடமிருந்து நேரடியாக வாங்கி, இடதுக்கு அனுப்புகிறது. போன் இடது பின் பாக்கெட்டில் இருந்தால் உடம்பின் முழுக் குறுக்கே போக வேண்டும். வலது பின் பாக்கெட்டுக்கு மாற்றியதும் பாதி பிரச்சினை குறைந்தது. வலது முன் பாக்கெட்டில் மைதானத்திலும் எப்போதாவதுதான் அறுகிறது. எல்லா மாடலும் இப்படி இல்லை. இரண்டு காதும் தனித்தனியே போனிடம் வாங்குபவையும் இருக்கின்றன, அவற்றில் போன் இருக்கும் பக்கத்துக்கு எதிர்க் காதுதான் முதலில் தடுமாறும். போனை இரண்டு பக்கமும் மாற்றி வைத்துப் பத்து நிமிடம் நடந்தால் உங்களுடையது எப்படி என்று தெரிந்துவிடும். இறுக்கமான ஜீன்ஸ் என்றால் கூடுதல் நஷ்டம்: ஆன்டெனா சதையோடு ஒட்டி அழுந்தியிருந்தால் அலை கிளம்பும்போதே கணிசமாகப் போய்விடுகிறது.

செட்டிங்ஸிலும் ஒன்று செய்தேன். என் ஆண்ட்ராய்டு போனில் `Build number` என்பதை ஏழு முறை தட்டினால் `Developer options` திறக்கும். அதில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையான ப்ளூடூத் ஆடியோ கோடெக் LDAC என்றும், விநாடிக்கு 990 கிலோபிட் என்றும் இருந்தது. அதை 330-க்கு இறக்கினேன். வழியில் தொலைந்த தரவுத் துண்டை ப்ளூடூத் மறுபடி அனுப்பும். அனுப்ப வேண்டிய தரவு குறைந்தால் மறுபடி அனுப்ப நேரம் மிஞ்சும். தரத்தில் நடைப்பயிற்சியின்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அறுவது நன்றாகவே குறைந்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது திரும்ப ஏற்றிக்கொள்கிறேன்.

போன் பேச்சுக்கு மட்டும் இதெல்லாம் போதவில்லை. பாட்டுக்கு இயர்பட்ஸ் கொஞ்சம் முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளும், அதனால் சின்னத் தடங்கல் காதில் விழாது. பேச்சைத் தாமதிக்க முடியாது, தொலைந்தால் தொலைந்ததுதான். போன் பின்னால் இருந்தால் எதிரில் பேசுபவரின் குரல் இயந்திரம்போல நொறுங்குகிறது. மைதானத்தில் அழைப்பு வந்தால் இப்போதெல்லாம் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் பேச ஆரம்பிக்கிறேன். அதற்காகவே பை வைத்த பனியனாகப் பார்த்து இரண்டு வாங்கியிருக்கிறேன்.