பாம்பன் பாலத்துக் காற்றும் 56.5 செ.மீ. தலையும்

கீழக்கரையில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி போன வாரம் தொலைபேசியில் கேட்டாள். "அக்கா, நீங்கள் போட்டிருக்கிற அதே ஹெல்மெட் விலை இறங்கியிருக்கிறது. லார்ஜ் மட்டும்தான் இருக்கிறதாம். வாங்கிவிடட்டுமா?" உன் தலைச் சுற்றளவு எவ்வளவு என்று கேட்டேன். தெரியாது என்றாள். லார்ஜ் என்றால் கொஞ்சம் தாராளமாக இருக்குமே, இந்த வெக்கைக்கு நல்லதுதானே என்றும் சொன்னாள். இதே சொல்லை நம்பித்தான் 2 வருடம் நான் அவதிப்பட்டேன். அதனால் அவளுக்குச் சொன்னதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தங்கச்சிமடத்திலிருந்து உச்சிப்புளியில் உள்ள பள்ளிக்கு ஸ்கூட்டரில் போய்வருகிறவள். நாள்தோறும் இரண்டு முறை பாம்பன் பாலத்தைக் கடக்க வேண்டும். என் முதல் ஹெல்மெட்டின் உட்புறச் சீட்டில் 600 மி.மீ. என்று அச்சிட்டிருந்தது. அதாவது 60 செ.மீ. தலைக்கானது. கடைக்காரர் என் தலைமுடியைப் பார்த்தே அதை எடுத்துக் கொடுத்தார். வழுக்கிக்கொண்டு தலையில் இறங்கியது, எங்கும் அழுத்தவில்லை. நல்ல அளவு என்று நானும் நினைத்தேன்.

ஆனி, ஆடியில் தென்கடல் பக்கமிருந்து வரும் காற்று பாலத்தின் மேல் எப்படி அடிக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மண்டபம் நோக்கிப் போகும்போது அது இடப்பக்கம் அறையும். தலை நேராகவே இருக்கும், ஹெல்மெட் மட்டும் வலப்பக்கம் திரும்பிவிடும். அதன் முகத்திறப்பின் இடது விளிம்பு என் இடக்கண்ணை மறைக்கும். எதிரே பஸ் வரும் நேரத்தில் ஒரு கையை எடுத்து அதை நேராக்குவேன். மாலையில் திரும்பும்போது இதே கதை மறுபக்கம் நடக்கும். காற்றின் மேல்தான் எரிச்சல்பட்டேனே தவிர, அளவைப் பற்றி நினைக்கவில்லை.

ஒருநாள் வீட்டில் தையல் டேப்பை எடுத்துத் தலையை அளந்தேன். புருவத்துக்கு மேலே ஏறத்தாழ 2.5 செ.மீ. உயரத்தில் நெற்றியைச் சுற்றி, காதுகளுக்குச் சற்று மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை எங்கே மிக அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அந்த இடத்தைத் தொட்டு முன்னால் கொண்டுவர வேண்டும். முதல் தடவை 58 வந்தது. அப்போது கொண்டை போட்டிருந்தேன், டேப் அதன் மேல் ஏறிவிட்டது. கொண்டையை அவிழ்த்து, கழுத்தோரமாகத் தாழப் பின்னிக்கொண்டு மறுபடி அளந்தேன். 56, 56.5, 56.5 என்று மூன்று அளவுகள் கிடைத்தன. பெரியதையே கணக்கில் வைக்க வேண்டும், ஏனென்றால் டேப் கொஞ்சம் கீழே சரிந்திருந்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். என் தலை 56.5. மூன்றரை சென்டிமீட்டர் பெரிய கவசத்தை 2 வருடம் சுமந்திருக்கிறேன்.

டேப் இல்லாதவர்கள் நூலால் அளந்து அதை ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். நூல் இழுபடாததாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கைக்குக் கிடைப்பது தூண்டில் நரம்புதான். தம்பி அதைக்கொண்டு அளந்தபோது தலையில் இறுக்கிப் பிடித்ததில் நரம்பு நீண்டது, எடுத்ததும் சுருங்கிவிட்டது. அளவு குறைந்து வந்தது. பருத்தி நூல் நல்லது.

அடுத்து ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்பக் கூடாது, சென்டிமீட்டரைத்தான் பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். ஒரு நிறுவனத்தின் அட்டையில் எஸ் என்பது 55 முதல் 56 வரை, எம் என்பது 57 முதல் 58 வரை. என் தலை இரண்டுக்கும் நடுவில் நின்றது. நடுவில் இருந்தால் சிறியதை முதலில் போட்டுப் பார்ப்பது வழக்கம், உட்பஞ்சு போகப் போக அமுங்கும் என்பதால். எஸ் அளவைப் போட்டேன். பட்டையை மாட்டிக்கொண்டு கடையிலேயே 15 நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நிமிடத்தில் நெற்றி நடுவில் ஒரே இடத்தில் குத்தல் தொடங்கியது. கழற்றியபோது அந்த இடத்தில் காசு அளவுக்குச் சிவப்புத் தடம். ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுப் பக்கங்களில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

சுற்றளவு மட்டும் போதாது என்பது அப்போது விளங்கியது. சுற்றளவு ஒன்றாக இருந்தும் ஒருவர் தலை வட்டமாக இருக்கும், இன்னொருவர் தலை முன்னும் பின்னும் நீண்டு பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கும். என் தலை இரண்டாவது வகை. அந்தக் கவசத்தின் உள்வடிவம் வட்டம். அதனால் நெற்றியில் முட்டியது, பொட்டில் விலகியது. அதன் எம் அளவைப் போட்டால் நெற்றி வலி போனது, பக்கவாட்டு இடைவெளி இன்னும் கூடியது. பாலத்தில் அது மறுபடி சுழன்றிருக்கும். வலி இல்லை என்று அதை வாங்கியிருந்தால் பழைய தவறையே திரும்பச் செய்திருப்பேன்.

வேறொரு நிறுவனத்தின் எம்மும் அட்டைப்படி 57 முதல் 58தான். அதன் உட்புறம் சற்று நீள்வட்டம். போட்டதும் நெற்றி, பொட்டு, பின்மண்டை, உச்சி நான்கிலும் ஒரே சீரான அணைப்பு. கன்னப் பஞ்சு மட்டும் இறுக்கம், கன்னம் மேலே தள்ளப்பட்டுப் பேசும்போது உள்கன்னம் பல்லில் லேசாக உரசியது. புதுக் கவசத்தில் அந்த இறுக்கம் இருக்கத்தான் வேண்டும். வலியும் இறுக்கமும் வேறு என்பதைக் கடையில் பொறுமையாக உட்கார்ந்தால்தான் பிரித்தறிய முடியும். முகம் முழுக்கப் பரவியிருக்கிற அழுத்தம் நல்லது. ஒரு புள்ளியில் குவிந்து, நேரமாக ஆகக் கூடுகிற அழுத்தம் கெட்டது, அது பழகிப் போகாது.

பிறகு இரண்டு சோதனைகள். தாடைப் பகுதியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தலையை அசைக்காமல் கவசத்தை இடமும் வலமும் திருப்பினேன். நெற்றித் தோலும் கன்னத் தோலும் அதோடு சேர்ந்து இழுபட்டன. பழைய கவசத்தில் தோல் அசையாது, பஞ்சு மட்டும் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். இந்த ஒரு வேறுபாடு போதும் அளவு சரியா என்று சொல்ல. அடுத்து, பட்டையை மாட்டி, தாடைக்கடியில் இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கிக்கொண்டு, பின்பக்கக் கீழ்விளிம்பைக் கையால் பிடித்து முன்னோக்கி மேலே தள்ளினேன். கழலவில்லை. பழையதை அன்று மாலை வீட்டில் அப்படித் தள்ளியபோது பட்டை மாட்டியிருந்தும் நெற்றியைத் தாண்டி முன்னால் வந்துவிட்டது. விழுந்தால் தரையில் மோதும் முன்பே அது தலையை விட்டுப் போயிருக்கும். அடியைத் தாங்குவது ஓட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல். மென்பஞ்சின் வேலை தலையை அந்தத் தெர்மோகோலுக்கு நடுவில் அசையாமல் நிறுத்திவைப்பது. பஞ்சு தளர்ந்தால் அந்த ஏற்பாடே குலைகிறது.

வாங்கி 14 மாதம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் கன்னம் சிவந்தது, ஒரு மாதத்துக்குள் கன்னப் பஞ்சு என் முகத்துக்கு அமைந்துவிட்டது. ஆடிக் காற்றில் முதல்முறை பாலத்தில் ஏறிய நாளை மறக்க மாட்டேன். காற்று அடித்தது, தலை முழுவதையும் தள்ளியது, ஆனால் ஹெல்மெட் தனியாகத் திரும்பவே இல்லை. கையை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. இடக்கண்ணுக்குக் கடல் முழுவதும் தெரிந்தது. கொண்டையை மட்டும் விட்டுவிட்டேன், கொண்டை இருந்தால் கவசம் பின்னால் உயர்ந்து முன்னால் கண்ணுக்கு மேல் இறங்குகிறது. தாழ்வான பின்னல், அதுவும் கவசத்துக்கு வெளியே. பூவை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு சூடிக்கொள்கிறேன்.

இவ்வளவு பாராட்டிவிட்டு, தோழியிடம் இதை வாங்காதே என்றுதான் சொன்னேன். இடது கன்னப் பஞ்சு செத்துவிட்டது. உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து பஞ்சு ஒருபோதும் முழுதாகக் காய்வதில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை கழற்றி, மென்மையான ஷாம்பு கலந்த தண்ணீரில் அலசி, நிழலில் காயவைக்கிறேன். ஆனாலும் இடப்பக்கம் மட்டும் ஏன் அமுங்கியது என்று யோசித்துக் கண்டுபிடித்தேன். பள்ளியில் நிறுத்தும்போது கவசத்தை ஸ்கூட்டர் கண்ணாடியின் மேல் கவிழ்த்துவைப்பேன், கண்ணாடியின் விளிம்பு தினமும் அதே இடத்தில் அழுத்தியிருக்கிறது. அந்தக் குறை என்னுடையது. ஆனால் ஒரு ஜோடி கன்னப் பஞ்சு கேட்டு 3 மாதமாக நிறுவனத்துக்கு எழுதுகிறேன். தனியாக விற்பதில்லை என்று ஒரு முறை பதில் வந்தது, பிறகு பதிலே இல்லை. கழற்றித் துவைக்கலாம் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டு விற்கிறவர்கள், கழற்றியது தேய்ந்தால் மாற்றுத் தர வேண்டாமா? நல்ல ஓடு, நல்ல தெர்மோகோல், கீறல்கூட இல்லாத முகக் கண்ணாடி, எல்லாம் இருக்கின்றன. 30 கிராம் பஞ்சு இல்லாததால் கவசம் மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டே போகிறது. சென்ற வாரம் திருப்பிப் பார்த்தேன், வலக்கன்னத் தோல் இழுபட்டது, இடக்கன்னத்தில் பஞ்சு வழுக்கியது.

உள்ளே துணி, தையல் கடைப் பஞ்சு என்று திணித்துச் சமாளிக்கச் சிலர் சொன்னார்கள். அது அழுத்தத்தை ஒரே புள்ளிக்குக் கொண்டுபோய்விடும். தெர்மோகோலைச் சுரண்டி வடிவை மாற்றச் சொன்னவரும் உண்டு. அதைக் கேட்டதும் எனக்குக் கோபமே வந்தது, அடியை வாங்குகிற பொருளையே குறைப்பதா?

தோழி நேற்று தலையை அளந்து சொன்னாள். 55. லார்ஜ் அவளுக்குப் பெரிதாகத்தான் இருக்கும். சனிக்கிழமை இருவரும் ராமநாதபுரம் போகிறோம். அவளுக்கு 55க்குப் பொருந்துகிற கவசம், எனக்குக் கன்னப் பஞ்சு தனியாகக் கிடைக்கிற கவசம். கடையில் தலா 15 நிமிடம் உட்காருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன்.