பயிற்சியாளருக்கு எந்தப் படம்: பந்துவீசும் முனையா, பாயின்ட் பக்கமா?

என் அக்கா மகனுக்கு வெளியூரிலிருந்து ஆலோசனை சொல்லும் கிரிக்கெட் பயிற்சியாளர், அவன் மட்டையோடு நிற்கும் படத்தோடு நான்கு வரி விவரமும் கேட்பார். பையன் வலக்கை ஆட்டக்காரன். அவன் மார்புக்கு நேரெதிரான பாயின்ட் பக்கமிருந்தும் பந்துவீசும் முனையிலிருந்தும் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போது இரண்டாவதைத்தான் முதலில் அனுப்புகிறேன்.

பாயின்ட் பக்கத்துப் படத்தில் கால்களுக்கிடையே எவ்வளவு அகலம், முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எடை முன்காலிலா பின்காலிலா என்பதெல்லாம் பார்த்தவுடன் தெரியும். ஆனால் தலை ஆஃப் பக்கம் சாய்ந்திருந்தால், அது கேமராவை நோக்கிய சாய்வாகிவிடும், படத்தில் பிடிபடாது. எல்பிடபிள்யூ ஆகிற பையனுக்குப் பார்க்க வேண்டியதே அந்தச் சாய்வுதான்.

பந்துவீசும் முனைப் படத்தில் அவனுக்குப் பின்னால் ஸ்டம்ப் நேராக நிற்கிறது. கேமரா சரிந்திருக்கிறதா என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். நடு ஸ்டம்புக்கு இணையாக மூக்கிலிருந்து ஒரு கோடு இறக்குவேன். அது ஷூ நுனிக்கு அருகில் விழுந்தால் சரி. போன முறை ஒரு ஷூ அகலம் வெளியே விழுந்தது. நான் எழுதியது இது: "சார், தலை கால்விரல்களைத் தாண்டி ஆஃப் பக்கம் போயிருக்கிறது. வலது கண் இடது கண்ணைவிடத் தாழ்ந்திருக்கிறது. இரண்டு குதிகாலும் தரையிலிருந்து எழும்பியிருக்கின்றன." தலை அப்படிப் போனால் முன்காலும் அதன் பின்னாலேயே குறுக்கே போகும். நேராக வரும் பந்துக்கு மட்டை பேடைச் சுற்றி வர வேண்டியிருக்கும். அதற்குள் பந்து பேடில் பட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் மூடிய ஸ்டான்ஸ்கூட மார்பு பந்துவீச்சாளரை நோக்கித் திறந்ததுபோல் தோன்றும். பந்துவீசும் முனையின் நடு ஸ்டம்ப், எதிர்முனையின் நடு ஸ்டம்பை மறைக்கும் நேர்கோட்டில் நின்று எடுத்தால் அந்தக் குழப்பம் வராது. தூரம் 20 மீட்டருக்கு மேல் என்பதால் ஜூம் தேவைப்படும்.

கிரிப்புக்கு மட்டும் பாயின்ட் பக்கம்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் 'வி' வடிவம், இரண்டு கைகளிலும் ஒரே கோட்டில், மட்டையின் பின்முதுகுக்கும் வெளிவிளிம்புக்கும் இடையில் அமைவது வழக்கமான பிடி. பந்துவீசும் முனையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. கிளவுஸ் போட்டிருந்தால் இன்னும் சிரமம். கழற்றச் சொல்லிக் கைப்பிடி உயரத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன். கீழ்க்கை இறுக்கமாகப் பிடித்திருக்கிறதா என்பதைப் படத்தை வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

நிற்கும் நிலையை வைத்து மட்டும் குறை எழுதுவதும் இல்லை. மேற்கிந்திய ஆட்டக்காரர் சந்தர்பால் மார்பைப் பந்துவீச்சாளருக்குக் காட்டி நின்று, பந்து வரும்போது பக்கவாட்டுக்குத் திரும்பிக்கொள்வார். அதனால் பந்து கையை விட்டுப் போகும் கணத்தில் அதே இடத்திலிருந்து இன்னொரு படம் எடுத்து, அதிலும் மூக்குக் கோடு எங்கே விழுகிறது என்று சேர்த்து எழுதுகிறேன்.